அப்பாவின் பள்ளிப் பதிவில் வெறும் "கவுண்டர்": சாதிச் சான்றிதழுக்குப் பழைய ஆவணம் கேட்கிறார்கள், எங்கே தேடுவது?

தெற்குவெளி:
வணக்கம். சேலம் மாவட்டம். தங்கை பிளஸ் டூ முடித்திருக்கிறாள், பொறியியல் கலந்தாய்வுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் வாங்கியதில்லை. நான் தனியார் ஐடிஐ படித்துவிட்டு வேலைக்குப் போனவன், என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. இ-சேவை மையத்தில் REV-101 போட்டோம். விஏஓ அனுப்பிவிட்டார், ஆர்.ஐ.யிடம் போய் நின்றது, இப்போது "தந்தையின் சாதி குறித்த முந்தைய ஆவணம் இணைக்கவும்" என்ற குறிப்போடு திரும்பி வந்திருக்கிறது.

அப்பா ஊர்ப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர். அவருடைய ரெக்கார்டு ஷீட் இருக்கிறது, அதில் சாதி என்ற இடத்தில் "இந்து கவுண்டர்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. நாங்கள் வன்னியர். அம்மாவிடம் 1993-இல் வாங்கிய அட்டை இருக்கிறது, இந்து வன்னியகுல க்ஷத்திரியர், எம்.பி.சி. என்று தெளிவாக இருக்கிறது. அதையும் இணைத்தோம். அதை ஏற்க மாட்டேன் என்கிறார்கள். தாத்தா பள்ளிக்கூடமே போகாதவர், இறந்தும் போய்விட்டார். வேறு எங்கே போய் ஆவணம் தேடுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நேர்வழி:
அதிகாரி கேட்பதே தப்பு. எம்.பி.சி. பட்டியலை எடுத்துப் பாருங்கள். வன்னியகுல க்ஷத்திரியர் என்ற பதிவிலேயே வன்னியர், வன்னியா, வன்னிய கவுண்டர், கவுண்டர் அல்லது கண்டர், படையாச்சி, பள்ளி, அக்னிகுல க்ஷத்திரியர் எல்லாம் உள்ளே வருகிறது. "கவுண்டர்" என்ற சொல்லே பட்டியலில் இருக்கும்போது அப்பாவின் ரெக்கார்டு ஷீட்டே போதுமான ஆதாரம். பட்டியலை அச்செடுத்து மேசையில் வையுங்கள், வேறு எதுவும் தேட வேண்டாம்.

பழையகணக்கு:
தம்பி, வருவாய்த் துறையில் ஆர்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நேர்வழி சொன்ன பட்டியல் சரி. அதிலிருந்து அவர் எடுக்கிற முடிவு தான் நிற்காது. கவுண்டர் என்பது நம் பக்கத்தில் பல சாதிகளுக்குப் பொதுவான பட்டம். வன்னியக் கவுண்டர் எம்.பி.சி., கொங்கு வெள்ளாளக் கவுண்டர் பி.சி., வேட்டுவக் கவுண்டர் எம்.பி.சி., ஏற்காடு, கல்வராயன் பக்கம் இருக்கிற மலையாளிகள் எஸ்.டி., அவர்களும் பெயருக்குப் பின்னால் கவுண்டர் தான் போடுகிறார்கள். அந்தக் காலத்துத் தலைமையாசிரியர் பெற்றவர் வாயால் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். ஊருக்குள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் எந்தக் கவுண்டர் என்று அவரும் கேட்கவில்லை, உங்கள் கொள்ளுத்தாத்தாவோ தாத்தாவோ சொல்லவும் இல்லை. இன்றைக்குக் கையெழுத்துப் போடுகிறவருக்கு அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எம்.பி.சி. என்று தர முடியாது. நாளைக்கு யாராவது புகார் கொடுத்தால் கோப்பில் என்ன இருந்தது என்று தான் பார்ப்பார்கள். இந்த விஷயத்தில் அவர் கேட்டது நியாயமான கேள்வி.

அம்மாவின் அட்டையைப் பற்றி. அது அம்மா யார் என்பதற்கு நல்ல ஆதாரம், அப்பாவைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது. அதனால் துணை ஆவணமாக இருக்கட்டும், எடுத்துவிடாதீர்கள், அதை நம்பியும் நிற்காதீர்கள்.

நீங்கள் தேட வேண்டியது அப்பா வழி இரத்த உறவில் யாருக்காவது, "கவுண்டர்" என்பதற்கு முன்னால் இன்னொரு சொல் சேர்ந்த பழைய காகிதம். அப்பாவின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பெரியப்பா மக்கள், யாராக இருந்தாலும் சரி. அரசு வேலையில் இருந்தவர் உண்டு என்றால் அவருடைய பணிப்பதிவேட்டின் முதல் பக்கம் நல்ல ஆவணம். வீட்டில் முதலில் இதை விசாரியுங்கள்.

இ_சேவை_தம்பி:
அண்ணா, நான் மையத்தில் உட்கார்ந்திருப்பவன். முதலில் உங்கள் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா என்று பாருங்கள். திருப்பி அனுப்பியிருந்தால் அதே எண்ணில் ஆவணம் சேர்த்து மறுபடி அனுப்பலாம். நிராகரித்திருந்தால் புதிதாகத் தான் போட வேண்டும், அறுபது ரூபாயும் மறுபடி கட்ட வேண்டும். நிறையப் பேர் திரும்பி வந்ததைப் பார்த்துப் பதறி வேறு மையத்தில் போய் இரண்டாவது விண்ணப்பம் போட்டுவிடுகிறார்கள், அப்புறம் இரண்டும் ஒரே மேசையில் கிடந்து குழப்பம் ஆகிறது. அப்படிச் செய்ய வேண்டாம்.

தாத்தா பெயரில் பட்டா இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள், பழைய ஆவணம் தானே கேட்கிறார்கள்.

பத்திரக்கட்டு:
பட்டா போட்டால் அது திரும்பவும் வரும் தம்பி. பட்டாவில் சாதி எழுதுவது கிடையாது. பெயர், தகப்பனார் பெயர், புல எண், பரப்பு, தீர்வை, அவ்வளவு தான். குடும்பம் அந்த ஊரில் இருந்தது என்பதற்கும், இன்னாருக்கு இன்னார் மகன் என்பதற்கும் உதவும், சாதிக்கு உதவாது.

சாதி இருப்பது பத்திரத்தில். நான் பத்திர எழுத்தர். பழைய கிரயப் பத்திரங்களில் எழுதிக் கொடுப்பவரையும் வாங்குபவரையும் இன்ன தாலுகா, இன்ன கிராமம், இன்ன சாதி, இன்னார் குமாரர், ஜீவனம் விவசாயம் என்று வரிசையாக எழுதுவது வழக்கமாக இருந்தது. பிற்காலத்துப் பத்திரங்களில் இந்தப் பழக்கம் குறைந்துவிட்டது. தெற்குவெளி, தாத்தா நிலம் வாங்கியவரா, இல்லை பூர்வீகமா? கடன் வாங்கி அடமானம் எழுதியிருந்தாலும், பங்காளிகளோடு பாகப்பிரிவினை பதிவு செய்திருந்தாலும் போதும்.

மூலப் பத்திரம் வீட்டில் இல்லை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஒன்றாம் புத்தகத்தில் இருக்கும். அதைக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம், 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. பத்திர எண்ணும் வருடமும் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் வில்லங்கம் போட வேண்டும். இணையத்தில் வில்லங்கம் பெரும்பாலும் 1975-இலிருந்து தான் வரும், அதற்கு முந்தியது என்றால் நேரில் மனுப் போட்டு அங்கே இருக்கிற அட்டவணையில் தேடச் சொல்ல வேண்டும். பெயர் வாரியாக ஓர் அட்டவணை, சொத்து வாரியாக ஓர் அட்டவணை இருக்கும். பழைய புல எண்ணைக் கொண்டு போங்கள், இப்போதைய உட்பிரிவு எண் அந்தக் காலத்தில் இருந்திருக்காது. அந்த ஊர் அப்போது எந்தச் சார்பதிவகத்தில் சேர்ந்திருந்தது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லைகள் மாறியிருக்கின்றன.

மலைச்சாரல்:
பழையகணக்கு ஐயா மலையாளிகளைச் சொன்னதால் கேட்கிறேன். நாங்கள் பர்கூர் மலை. ஈரோடு மாவட்டத்தில் எங்கள் ஆட்களுக்கு எஸ்.டி. கிடையாது என்கிறார்கள். அப்பாவின் குடும்பம் சேலம் பக்கத்து மலையிலிருந்து வந்தது, அங்கே பெரியப்பா மக்கள் எல்லாரும் எஸ்.டி. சான்றிதழ் வைத்திருக்கிறார்கள். அப்பாவின் பழைய ஆவணத்தைக் காட்டி நான் வாங்க முடியுமா? அதே முறை தானே?

பழையகணக்கு:
அம்மா, உங்களுடையது வேறு விஷயம், இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பட்டியலில் மலையாளி என்பதற்குப் பக்கத்திலேயே மாவட்டம் போட்டிருக்கிறது. தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. ஈரோடு அன்றைக்குக் கோயம்புத்தூரோடு இருந்தது, கோயம்புத்தூர் அந்த வரியில் இல்லை. அதனால் தான் ஒரே சனம் இந்தப் பக்கம் எஸ்.டி., அந்தப் பக்கம் இல்லை என்று ஆகிவிட்டது. உங்கள் குடும்பம் எந்தக் காலத்தில் எங்கே குடியிருந்தது என்பதற்கு ஆவணம் இருந்தால் அதை வைத்து அந்தப் பகுதிக் கோட்டாட்சியரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். எஸ்.டி. சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது, 1989 கடைசியிலிருந்து கோட்டாட்சியர் தான். கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். தனி இழையாகப் போடுங்கள், அந்த மாவட்டக்காரர்கள் யாராவது பதில் சொல்வார்கள்.

அரும்பு:
இவ்வளவு அலைச்சல் எதற்கு? பெற்றோரில் யார் சாதியிலும் பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்கலாம் என்று தமிழ்நாட்டில் அரசாணையே இருக்கிறதே. அம்மாவின் அட்டையை வைத்து அம்மா சாதியில் கேளுங்கள், முடிந்தது.

பழையகணக்கு:
அது கலப்புத் திருமணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்கு. இங்கே அப்பாவும் அம்மாவும் ஒரே சாதி என்று விண்ணப்பத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். அந்த வழியில் போக வேண்டும் என்றால் அப்பா வேறு சாதி என்று உறுதிமொழி எழுத வேண்டும், அது பொய். பிற்பாடு அண்ணன் ஒரு மாதிரி, தங்கை ஒரு மாதிரி என்று கோப்பில் நிற்கும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

தெற்குவெளி:
எல்லாருக்கும் நன்றி. திருப்பி அனுப்பியது தான், நிராகரிக்கவில்லை. வீட்டில் விசாரித்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, பிற்படுத்தப்பட்டோர் விடுதியில் தங்கிப் பத்தாவது படித்தவர். விடுதியில் சேர 1986-இல் தாசில்தாரிடம் வாங்கிய சான்றிதழ் பெட்டியில் இருக்கிறது. அட்டை இல்லை, தட்டச்சு செய்த காகிதம், மடிப்பில் கிழிந்திருக்கிறது, ஆனால் கோபுர முத்திரை தெரிகிறது. தாத்தா பெயர் போட்டு அவர் மகள், "வன்னிய கவுண்டர்" என்று இருக்கிறது. ஆனால் அதில் "பிற்படுத்தப்பட்ட வகுப்பு" என்று தான் இருக்கிறது, எம்.பி.சி. இல்லை. மையத்தில் காட்டினால், இது பி.சி., நீங்கள் கேட்பது எம்.பி.சி., ஒத்துவராது, போட வேண்டாம் என்கிறார்கள். அத்தை கல்யாணம் ஆகி வேறு ஊர் போய்விட்டதும் ஒரு பிரச்சினையா?

பழையகணக்கு:
தம்பி, நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த காகிதம் அது தான்!

1986-இல் எம்.பி.சி. என்ற தனி ஒதுக்கீடே கிடையாது. 1987 போராட்டத்துக்குப் பிறகு 1989-இல் தான் பிற்படுத்தப்பட்டோருக்கு இருந்த ஐம்பது சதவீதத்தில் இருபதைப் பிரித்து மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் கொடுத்தார்கள். அதற்கு முந்திய காகிதத்தில் பி.சி. என்று இருப்பது தான் சரியாக இருக்கும், எம்.பி.சி. என்று இருந்தால் தான் எனக்குச் சந்தேகம் வரும். அட்டை இல்லையே என்பதும் அப்படித் தான், நிரந்தர அட்டை 1988-இல் வந்தது, அதற்கு முன்னால் தேவைப்படும்போது காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். பார்க்க வேண்டியது சாதிப் பெயரை, வகுப்பை அல்ல. வகுப்பு இன்றைய பட்டியலின்படி தானாக வரும்.

அத்தை எங்கே கல்யாணம் ஆனார் என்பது இதில் கணக்கு இல்லை. கல்யாணத்தால் பிறந்த சாதி மாறாது. அவருடைய சான்றிதழில் தகப்பனார் பெயர் உங்கள் தாத்தா பெயர். உங்கள் அப்பாவின் ரெக்கார்டு ஷீட்டிலும் அதே தகப்பனார் பெயர், அதே ஊர். இரண்டையும் இணைக்க ஒரு வம்சாவளி எழுதுங்கள்: தாத்தா, அவருக்கு எத்தனை மக்கள், அப்பா எத்தனையாவது, அத்தை எத்தனையாவது, உங்கள் தங்கை யார் மகள். விஏஓவிடம் கொடுத்து விசாரித்து எழுதச் சொல்லுங்கள். தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இருந்தால் இன்னும் பலம், வாரிசுச் சான்றில் அப்பா பெயரும் அத்தை பெயரும் ஒரே தாளில் இருக்கும்.

பெயர் எழுத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தாத்தா பெயருக்குப் பின்னால் கவுண்டர் சேர்த்தும் இன்னொன்றில் சேர்க்காமலும் இருக்கும், அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பெயரே வேறு மாதிரி இருந்தால், வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, பதிவில் ஒன்று என்றால், கேட்பார்கள்.

நேர்வழி:
அதற்கு நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் போட்டுவிட்டால் போதும். நானே போட்டிருக்கிறேன், ஏற்றுக்கொண்டார்கள். சாதிக்கும் சேர்த்து அதிலேயே எழுதிவிடலாமே.

பத்திரக்கட்டு:
பெயருக்குப் போடலாம், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கிறது என்று. சாதிக்குப் போட்டால் நீங்களே சொல்லிக்கொள்வது தானே, அதை யார் ஆதாரம் என்று எடுப்பார்கள்?

நேர்வழி:
சரி, பெயருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பட்டியலில் "கவுண்டர்" என்று இருக்கும்போது சாதாரண சனத்தை இவ்வளவு அலைய விடுவதை நான் ஏற்க மாட்டேன். ஊரில் விசாரித்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

பழையகணக்கு:
ஊர் விசாரணை வேண்டும் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். பல இடங்களில் அதைச் செய்யாமல் காகிதம் மட்டும் கேட்கிறார்கள், அது குறை தான். விசாரணையும் காகிதமும் சேர்ந்து வர வேண்டும்.

காவிரிமணல்:
எனக்குத் தெரிந்து வருமானம் எட்டு லட்சத்துக்கு மேல் இருந்தால் இந்தச் சான்றிதழ் கிடையாது, ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கவும் வேண்டும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள் சகோ.

இ_சேவை_தம்பி:
நீங்கள் சொல்வது மத்திய அரசு வேலைக்கும் கல்லூரிகளுக்கும் கேட்கிற ஓ.பி.சி. சான்றிதழ். மாநிலச் சாதிச் சான்றிதழுக்கு வருமானம் பார்ப்பதில்லை, ஒரு தடவை வாங்கினால் போதும். தங்கை பின்னால் மத்தியக் கல்லூரிக்குப் போட்டால் அப்போது ஓ.பி.சி. தனியாக வாங்க வேண்டும்.

தெற்குவெளி:
நடந்ததைச் சொல்கிறேன். அத்தையின் காகிதத்தைக் கிழியாமல் கண்ணாடித் தாளில் வைத்து வண்ணத்தில் ஸ்கேன் செய்தோம். கூடவே பத்திரக்கட்டு சொன்னபடி பெரியப்பா வீட்டில் கேட்டதில் 1958-இல் தாத்தா ஒன்றரை ஏக்கர் வாங்கிய கிரயப் பத்திரமே கிடைத்தது. பழுப்பேறிய முத்திரைத்தாளில் மையால் எழுதியது. முதல் பக்கத்தில் மூன்றாவது வரி, "வன்னியர் ஜாதி, விவசாயம்" என்று இருக்கிறது, அதற்கு அடுத்து கொள்ளுத்தாத்தா பெயர், குமாரர் என்று தாத்தா பெயர். கடைசியில் தாத்தாவின் இடது கை பெருவிரல் ரேகை. முதல் பக்கத்தையும் பதிவு எண் இருக்கிற பக்கத்தையும் சேர்த்து, எதில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று தனித் தாளில் எழுதி அனுப்பினோம். அந்தக் கையெழுத்தை இப்போது இருப்பவர்களுக்குப் படிப்பது சிரமமாக இருக்கும் என்று அப்பா சொன்னார், அதனால் அந்த மூன்று வரியை அப்படியே தட்டச்சு செய்தும் வைத்தோம்.

ஆர்.ஐ. வீட்டுக்கு வந்து விசாரித்தார். பத்திரத்தின் மூலத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். பரிந்துரைத்து அனுப்பிவிட்டார். இப்போது மண்டலத் துணை வட்டாட்சியரிடம் இருக்கிறது. அங்கே புதிதாக ஒன்று சொல்கிறார்கள்: முதலில் அப்பாவின் பெயரில் ஒரு சான்றிதழ் வாங்குங்கள், அதை வைத்துத் தங்கைக்குத் தருகிறோம் என்று. கலந்தாய்வுக்குச் சான்றிதழ் பதிவேற்றும் தேதி நெருங்குகிறது. என்ன செய்வது?

பழையகணக்கு:
அப்பாவுக்கு வாங்குவது நல்லது தான், நாளைக்கு உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் இந்தத் தேடல் இருக்காது. ஆனால் அது தங்கைக்கு முன்நிபந்தனை இல்லை. இரண்டுக்கும் அதே ஆவணங்கள் தான், அதே விஏஓ, அதே ஆர்.ஐ. நேரில் போய்ப் பேசுங்கள், கலந்தாய்வுத் தேதியைக் காட்டுங்கள். அப்பாவின் விண்ணப்பத்தையும் இன்றைக்கே போட்டு, அதன் எண்ணைக் குறித்துக் கொடுத்து, தங்கையுடையதை நிறுத்த வேண்டாம் என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் காரணத்தோடு நிராகரிக்கச் சொல்லுங்கள், அப்போது தான் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய முடியும். முடிவு சொல்லாமல் வைத்திருந்தால் மேல்முறையீட்டுக்கும் வழி இருக்காது.

இ_சேவை_தம்பி:
எனக்கு இதில் வேறு கருத்து ஐயா. நிராகரிக்கச் சொல்லிக் கேட்டு வாங்கினால் மேல்முறையீட்டுக்கு நாள் ஓடும், கலந்தாய்வு போய்விடும். நான் பார்த்த வரையில் அப்பாவுடையதைப் போட்டு விஏஓவைப் பிடித்தால் ஏற்கெனவே விசாரணை முடிந்திருப்பதால் சீக்கிரம் வந்துவிடுகிறது. அதை வாங்கித் தங்கையுடையதில் சேர்ப்பது தான் வேகமான வழி.

பத்திரக்கட்டு:
திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் இருக்கும், மாணவி என்று தங்கையையே மனுவோடு கூட்டிக்கொண்டு போங்கள். மாணவர் சேர்க்கை நேரத்தில் அந்த மனுக்களை உடனே கீழே அனுப்புவார்கள்.

தெற்குவெளி:
அப்பாவுடையதை இன்று மாலையே போட்டுவிட்டோம், விண்ணப்ப எண் வந்துவிட்டது. நாளை காலை அப்பாவும் தங்கையும் நேரில் போகிறார்கள், பழையகணக்கு ஐயா சொன்னபடி கடிதமும் எழுதியாயிற்று. நிராகரிப்புக் கேட்பதா வேண்டாமா என்பதை அங்கே என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம். பத்திரத்தின் மூலத்தை அவர்களிடம் விட்டுவிட்டு வரலாமா, நகல் மட்டும் கொடுப்பதா?

பத்திரக்கட்டு:
மூலத்தைக் காட்டுங்கள், விட்டுவிட்டு வராதீர்கள். கேட்டால் சான்றிட்ட நகல் எடுத்துத் தருகிறோம் என்று சொல்லுங்கள், பதிவு எண் தான் உங்களிடம் இருக்கிறதே.

மலைச்சாரல்:
தனி இழை போட்டிருக்கிறேன். பெரியப்பா வீட்டிலும் பழைய பத்திரம் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். மேட்டூர் பக்கம் விவரம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் வந்து பாருங்கள்.